நன்கொடை கேட்கும் இரண்டு வரிகள்

2020 ஜனவரியின் முதல் நாட்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காடுகள் எரிந்துகொண்டிருந்தன. செலஸ்ட் பார்பர் என்ற நகைச்சுவை நடிகை, கணவர் வீட்டார் வசிக்கும் பகுதியை நெருப்பு நெருங்கி வருவதைப் பார்த்துப் பதறி, ஃபேஸ்புக்கில் நிதி திரட்டத் தொடங்கினார். இலக்கு 30,000 ஆஸ்திரேலிய டாலர். எப்படி முடியுமோ அப்படி உதவுங்கள், இது பயங்கரமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு தலைப்பை வைத்தார். உலகம் முழுவதிலுமிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் பணம் அனுப்பினார்கள். சில நாட்களில் தொகை 5 கோடி டாலரைத் தாண்டியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. இவ்வளவு பணம் சேர்ந்துவிட்டதே என்று மற்ற மாநிலங்களுக்கும், வீடிழந்தவர்களுக்கும், தீயில் சிக்கிய விலங்குகளுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம் என்றார் பார்பர். கொடுத்தவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பணம் யாருக்குப் போகிறது என்ற கட்டத்தில் அவர் தேர்ந்தெடுத்திருந்தது, நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் நன்கொடை அறக்கட்டளை ஒன்றின் பெயரை. அந்த அறக்கட்டளையின் பத்திரம், படைப்பிரிவுகளுக்குக் கருவி வாங்குவது, பயிற்சி கொடுப்பது, நிர்வாகச் செலவைச் சமாளிப்பது என்ற அளவோடு நின்றுவிடுகிறது. விவகாரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் நீதிபதி மைக்கேல் ஸ்லாட்டரி தீர்ப்பளித்தார். காயமடைந்த தீயணைப்பு வீரர்களுக்கும், பணியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும், மனநல ஆலோசனைக்கும் செலவிடலாம். வேறு அறக்கட்டளைகளுக்கோ விலங்குகளுக்கோ தர முடியாது என்றார். நடிகை வெளியே பேசியதும் கொடுத்தவர்கள் மனதில் நினைத்ததும் அந்தப் பத்திரத்தை மாற்றிவிடாது.

பார்பர் யாரையும் ஏமாற்றவில்லை. எதிர்பார்த்தது 30,000 டாலர்; அந்தத் தொகைக்கு இந்தக் குழப்பமே எழுந்திருக்காது. ஆனால் நன்கொடை கேட்பவர் எவராக இருந்தாலும் இந்த வழக்கை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது. தலைப்பு உணர்ச்சியைச் சொன்னது. யாருக்கு, எதற்கு, மிஞ்சினால் என்ன என்ற மூன்றையும் சொல்லவில்லை. புகழ்பெற்ற நடிகையின் வேண்டுகோள் என்பதால் அது கைக்குக் கை பரவியது. பெயர் தெரியாத ஒரு சிறு அறக்கட்டளை அதே தலைப்பை வைத்திருந்தால் ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. காரணம் எளிது. ‘பயங்கரமாக இருக்கிறது’ என்று எவரும் தேடுவதில்லை.

நம் ஊருக்கு வருவோம். மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 42 பேர் தங்கியிருக்கிறார்கள். நடத்துவது பதிவு செய்யப்பட்ட ஒரு சிறு அறக்கட்டளை. நன்கொடைக்காக இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதன் தலைப்பு, ‘அன்பின் கரங்கள் நீளட்டும்!’ விளக்கம், ‘ஆதரவற்றோர் வாழ்வில் ஒளியேற்ற உங்கள் பொன்னான உதவியை நாடுகிறோம்.’ இந்த இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்து ஒரு கண் மருத்துவ முகாமுக்கு வைக்கலாம், அனாதை இல்லத்துக்கு வைக்கலாம், தெருநாய்க் காப்பகத்துக்குக்கூட வைக்கலாம். எங்கும் பொருந்தும் வரி எந்த இடத்தையும் அடையாளம் காட்டாது. மோசடிப் பக்கங்களும் இதே மொழியில்தான் பேசுகின்றன என்பது இன்னொரு தொல்லை. உண்மையான இல்லத்துக்கு மட்டுமே தெரிந்த விவரம் ஒன்றுகூட இல்லாதபோது, படிப்பவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்?

இந்த இல்லத்தைத் தேடி வருகிறவர் யார் என்று பார்த்தால் எழுத வேண்டியது தானே தெரியும். அப்பாவின் நினைவு நாள் வருகிறது, அல்லது குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. மகன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், இடம் மட்டும் சொந்த ஊர்ப்பக்கமாக இருக்க வேண்டும். அவர் கைபேசியை எடுத்து ‘மதுரை முதியோர் இல்லம் அன்னதானம்’ என்று தட்டுகிறார். இல்லையென்றால் ஆங்கிலத்தில் ‘old age home food donation madurai’ என்று தட்டுகிறார். ஊர், யாருக்கு, என்ன கொடுப்பது என்ற மூன்றும் அந்தத் தேடலில் இருக்கின்றன. ‘கரங்கள்’ இல்லை, ‘ஒளி’ இல்லை.

பிறகு அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் கேட்பதையும் கவனியுங்கள். இல்லத்து அலுவலகத்தில் போன் எடுப்பவருக்கு இந்தக் கேள்விகள் மனப்பாடமாக இருக்கும். “எத்தன பேருங்க இருக்காங்க?” “ஒரு வேளைக்கு எவ்வளவு ஆகும்?” “நாங்களே வந்து பரிமாறலாமா?” “அந்தத் தேதி காலியா இருக்கா?” “ரசீது உண்டுங்களா?” விளக்க வரியை எழுத உட்காருகிறவர் முதலில் போய்ப் பேச வேண்டியது போன் எடுக்கும் இந்த ஊழியரிடம்தான். ஒரு மாத அழைப்புகளில் அதிகம் கேட்கப்பட்ட நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் எழுதினால் விளக்கம் பாதி தயார்.

தலைப்பை இப்படி மாற்றலாம்: ‘முதியோர் இல்லத்தில் ஒருநாள் மதிய உணவு – திருமங்கலம், மதுரை’. அழகு குறைவுதான். ஆனால் தேடுகிறவர் தட்டும் சொற்கள் இதில் அப்படியே இருக்கின்றன. முக்கியமான சொல் முன்னால் நிற்கிறது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. கூகுள் தலைப்புக்கு எழுத்துக் கணக்கு எதுவும் விதிக்கவில்லை. திரையின் அகலத்துக்குப் பொருந்துகிற வரை காட்டிவிட்டு மிச்சத்தை வெட்டிவிடும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை, சொற்களும் நீளமானவை. எனவே ஆங்கிலத் தலைப்பில் பத்துச் சொல் தெரியும் இடத்தில் நமக்கு ஐந்தாறு தெரிந்தால் அதிகம். அறக்கட்டளையின் நீண்ட பெயரை முன்னால் வைத்துவிட்டால், என்ன இல்லம், எந்த ஊர் என்பதெல்லாம் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் போய்விடும். பெயரைக் கடைசியில் வைக்கலாம், அல்லது பக்கத்துக்குள் முதல் வரியாகக் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தில் தேடுகிறவருக்காக, பக்கத்தின் உள்ளே துணைத் தலைப்பாக ‘Old age home in Thirumangalam, Madurai’ என்று ஒரு வரி இருக்கட்டும். தமிழில் எழுதியதை ஆங்கிலத் தேடலுக்குத் தேடுபொறி தானாகப் பொருத்திக் காட்டும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

அடுத்தது விளக்கம். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிகள் இவை. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளக்கத்தில் சொற்களைத் திணிப்பதால் பக்கம் மேலே ஏறாது. தரவரிசைக்குத் தாம் அதை எடுத்துக்கொள்வதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதன் வேலை வேறு. பத்து முடிவுகள் வரிசையாக நிற்கும்போது எதைத் திறப்பது என்று கை தயங்குகிற நொடியில், இது நான் தேடியதுதான் என்று காட்டுவது. தேடிய சொற்களுக்கு நீங்கள் எழுதிய விளக்கம் பொருந்தவில்லை என்றால், கூகுள் அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்துக்குள்ளிருந்து வேறு வரியை எடுத்துப் போட்டுக்கொள்ளும். தலைப்பையும் சில சமயம் அப்படி மாற்றும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பை வைத்திருக்கும் தளங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

தளம் செய்து தந்தவரிடம் கொடுக்க வேண்டியது இவ்வளவுதான்:

```html
<title>முதியோர் இல்லத்தில் ஒருநாள் மதிய உணவு – திருமங்கலம், மதுரை</title>
<meta name="description" content="42 முதியோருக்கு ஒரு மதிய உணவு ரூ.2,940. தேதி தேர்ந்தெடுக்கலாம், நேரில் வந்து பரிமாறலாம். 80ஜி ரசீது உண்டு.">
```

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது தெரியும் சிறு பெட்டிக்கு og:title, og:description என்று தனி வரிகள் உண்டு. அவற்றிலும் இதே சொற்களை வைக்கச் சொல்லுங்கள். சித்தப்பா குடும்பக் குழுவில் அனுப்பும் இணைப்பில் இல்லத்தின் பெயரும் ஊரும் தெரியாமல், தளம் செய்தவர் மறந்து விட்டுவைத்த ஏதோ ஒரு சொல் தெரிந்தால் அதை யாரும் தொடமாட்டார்கள்.

2,940 என்ற எண்ணைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். தர்மத்துக்கு விலைப்பட்டியலா என்று. என் பார்வையில் இந்தப் பக்கத்தின் நம்பிக்கை முழுவதும் அந்த எண்ணில்தான் இருக்கிறது, அது எப்படி வந்தது என்று காட்டினால். தலைக்கு 70 ரூபாய், 42 பேர். அந்த 70-இல் அரிசி, காய், மளிகைக்கு 48, எரிவாயுவுக்கு 7, சமையல்காரர் கூலிக்கு 15 என்று பக்கத்தின் உள்ளே எழுதிவிடலாம். கூலியை மறைத்துவிட்டு ‘உங்கள் பணம் நூறு சதவீதம் முதியோருக்கே’ என்று போடுவதுதான் ஆபத்து. சமைக்க ஆள் வேண்டும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும். அமெரிக்காவின் ‘சாரிட்டி: வாட்டர்’ அமைப்பு பொதுமக்கள் தரும் பணம் முழுவதும் குடிநீர்த் திட்டங்களுக்கே என்று சொல்ல முடிவது, அலுவலகச் செலவுக்கென்று தனி நன்கொடையாளர்களைத் தனிக் கணக்கில் வைத்திருப்பதால். அந்த ஏற்பாடு இல்லாதவர்கள் அந்த வாசகத்தை மட்டும் கடன் வாங்கக் கூடாது.

ரசீது விஷயத்தில் தவறான வாக்குகள் இன்னும் அதிகம். ‘100% வரிவிலக்கு’ என்று தலைப்பிலேயே போடுகிறார்கள். 80ஜி பதிவுள்ள பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதி மட்டுமே வருமானத்திலிருந்து கழியும். 2,940 ரூபாயில் கழிவது 1,470. இருபது சதவீத வரி கட்டுகிறவருக்கு மிச்சமாவது சுமார் 300 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்; புதிய முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவு கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. ஆகவே நம் இல்லத்துக்கு நேரில் வந்து 2,940-ஐ நோட்டாக எண்ணிக் கொடுக்கிறவர் வரிக் கழிவை இழக்கிறார். அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் அப்படியே. இதை முன்கூட்டியே சொல்லும் இல்லத்தை மக்கள் நம்புவார்கள். கழிவு கோர விரும்புகிறவரிடம் பான் எண் வாங்கி, வருமான வரித் துறைக்கு ஆண்டுக் கணக்கு அனுப்பி, அதன் வழியாக வரும் சான்றிதழைத் தர வேண்டியது அறக்கட்டளையின் பொறுப்பு. இல்லம் அச்சடித்த ரசீது மட்டும் போதாது. 2025-இன் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், மக்கள் வாயிலும் தேடலிலும் ‘80ஜி’ சீக்கிரம் போய்விடாது. அந்தச் சொல் பக்கத்தில் இருக்கட்டும்.

நம்பிக்கை உடையும் இன்னொரு இடம் பணம் செலுத்தும் நொடி. யூபிஐ செயலி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். பக்கத்தில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர், அதிலும் ஒரு தனிநபரின் பெயர் வந்தால், கொடுக்க வந்தவர் பின்வாங்குவது நியாயம்தான். மக்கள் அழைக்கும் பெயர் ஒன்றாகவும் பத்திரத்தில் உள்ள பெயர் வேறாகவும் இருந்தால், விளக்கத்தின் கீழேயே ‘இந்த இல்லத்தை நடத்தும் அறக்கட்டளையின் பெயர் இது, பணம் செலுத்தும்போது இந்தப் பெயரே தெரியும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். தனிநபர் கணக்கில் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். எந்த விளக்கமும் அதைச் சரிக்கட்டாது.

யாருடைய கதையைச் சொல்வது என்பதில் ஒரு பழைய ஆய்வு உதவும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களிடம் 5 டாலரைக் கொடுத்துவிட்டு, அதில் எவ்வளவு நன்கொடையாகத் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஆப்பிரிக்கப் பட்டினி பற்றிய புள்ளிவிவரங்கள். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் இன்னும் அதிகமாகக் கொடுத்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்? 1.43 தான். பெரிய எண்கள் சிறுமியின் முகத்தைக் கலைத்துவிட்டன.

ஆகவே நாட்டில் எத்தனை கோடி முதியோர் தனித்து வாழ்கிறார்கள் என்ற பத்தியை எடுத்துவிடலாம். பதிலாக ஒரு பாட்டியின் ஒருநாளைச் சொல்லலாம்: பதினொன்றரைக்கே தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடுபவர், ரசம் மட்டும் இரண்டு முறை கேட்பவர். ஆனால் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு. பெயரை மாற்றினால் மாற்றியிருக்கிறோம் என்றும் எழுதிவிட்டு. கண்ணீர் வழியும் முகத்தை நெருங்கி எடுத்த படம் பணம் வாங்கித் தரலாம். நேரில் பரிமாற வந்தவர் அதே பாட்டி சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் சங்கடம் இல்லத்துக்குத்தான். குழந்தைகள் இல்லமாக இருந்தால் இது ரசனை சார்ந்த விஷயமே அல்ல. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. படங்களோடு நிதி கேட்கும் இல்லங்கள் பல இதை அறிந்ததாகவே தெரியவில்லை.

நல்ல தலைப்பும் நாள்பட்டால் கெட்டுப்போகும். ‘அவசரம்’ என்ற சொல் இரண்டு ஆண்டுகள் அதே இடத்தில் நின்றால், படிப்பவருக்கு அவசரம் போய்ச் சந்தேகம் வரும். தலைப்பில் ஆண்டு போட்டால் அடுத்த ஜனவரியில் அது பழையதாகிவிடும். விலை ஏறினால் 2,940 பொய்யாகிவிடும். ஆகவே எண்ணைத் தலைப்பில் வைக்காமல் விளக்கத்தில் வைத்து, ‘இந்த விலை இந்த மாதம் முதல்’ என்று உள்ளே குறிப்பது வசதி. சொற்களை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், ஆனால் பக்கத்தின் முகவரியை மட்டும் மாற்றக் கூடாது. ஐந்து வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் இணைப்பு, கோயில் வாசலில் ஒட்டிய நோட்டீஸில் உள்ள கியூஆர் கட்டம் எல்லாம் அந்த முகவரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. திருத்திய தலைப்பு தேடலில் தெரியச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம், அதனால் பொங்கலுக்கு வேண்டியதைக் கார்த்திகையிலேயே மாற்றிவிடுங்கள். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க இல்லத்துக் கணினியில் தேட வேண்டாம். தினமும் திறக்கும் பக்கம் என்பதால் அங்கே முன்னாலேயே வந்து நிற்கக்கூடும். வெளியூரில் இருக்கும் ஒருவரின் கைபேசியில் தேடச் சொல்லுங்கள். என்னென்ன சொற்களைத் தட்டி மக்கள் வருகிறார்கள் என்பதை ‘கூகுள் சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவி பட்டியலாகவே காட்டும்.

மிஞ்சும் பணத்துக்கு ஒரு வரி எழுதி வைப்பதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஆஸ்திரேலிய வழக்கு அளவுக்குப் போகாவிட்டாலும் இந்தப் பிரச்சினை எல்லா இல்லத்திலும் உண்டு. தீபாவளி, புத்தாண்டு, தலைவர்களின் பிறந்தநாள் ஆகிய தினங்களில் சாப்பாடு கொடுக்க வரிசை நிற்கும். நடுவில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு யாரும் இருக்கமாட்டார்கள். தீபாவளிக்கென்று மூன்று பேரிடம் பணம் வாங்கி, ஒரு சாப்பாட்டை மூவருக்கும் கணக்குக் காட்டுவது தவறு. அது எப்படியாவது வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் விளக்கத்தின் கீழே இப்படி எழுதலாம்: ‘நீங்கள் கேட்ட தேதி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் போனில் சொல்லி வேறு தேதி தருவோம். விருப்பமில்லை என்றால் பணத்தைத் திருப்பி அனுப்புவோம். ஒருநாள் செலவுக்கு மேல் வரும் தொகை இங்கு தங்கியிருப்பவர்களின் மருந்துச் செலவுக்குப் போகும்.’ மருந்துச் செலவு அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் இருக்கிறதா என்று மட்டும் எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு நாள்காட்டியை வைத்து, எடுக்கப்பட்ட தேதிகளை அடித்துக் காட்டினால், காலியாக இருக்கும் செவ்வாய்க்கிழமைகளும் கண்ணில் படும். அப்பாவின் நினைவு நாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும் மகனுக்குச் சரிதான்.